எக்ஸெல் எண்ணட்டும், வெட்ட வேண்டாம்

பழைய புத்தகங்களை இணையத்தில் விற்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் மிகுந்த கோபத்துடன் போன் செய்தார். வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் புத்தகத்தைத் திருப்பி அனுப்புவதாக எழுதிவிட்டாராம். காரணம், புதிய புத்தகம் என்று நினைத்து வாங்கியவர் கையில் பழுப்பேறிய பிரதி கிடைத்திருக்கிறது.

"பழைய பிரதின்னு தலைப்புலயே போட்டிருக்கேன் சார். தளத்துலதான் ஏதோ வெட்டிட்டாங்க. நானும் எண்ணிப் பார்த்துட்டேன், 59 எழுத்துதான் வருது. 80 வரைக்கும் விடுறாங்க. அப்புறம் ஏன் வெட்டணும்?" என்றார்.

அவருடைய எக்ஸெல் பைலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். வெட்டியது இணைய தளம் அல்ல. அவரே எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்த ஒரு பார்முலாதான் வெட்டியிருந்தது. தலைப்பின் கடைசியில் இருந்த "பழைய பிரதி" என்ற இரண்டு சொற்களில் "பழ" மட்டுமே மிஞ்சியிருந்தது. புத்தகத்துக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வாடிக்கையாளர் யோசித்திருக்கக் கூடும். பழைய பிரதி என்று நிச்சயம் புரிந்திருக்காது.

நூறு, இருநூறு புத்தகங்களுக்கு மேல் பட்டியல் போடும் எவரும் தலைப்பையும் விவரக் குறிப்பையும் ஒவ்வொன்றாக டைப் செய்வதில்லை. ஆசிரியர், பதிப்பகம் போன்றவற்றைத் தனித் தனிக் காலத்தில் வைத்து, பார்முலா கொண்டு இணைக்கிறார்கள். அது சரியான வழிதான். ஆனால் நீளம் அதிகமானால் LEFT பங்ஷன் கொண்டு வெட்டிவிடும் பழக்கம் தவறானது என்பது என் கருத்து. பார்முலாவின் வேலை எண்ணுவதும் எச்சரிப்பதும்தான். இடம் போதவில்லை என்றால் எழுத்துக்களை வெட்டக் கூடாது. ஒரு முழு விவரத்தை விட்டுவிட வேண்டும். எந்த விவரத்தை முதலில் விடலாம் என்பதைப் புத்தகம் விற்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏன் என்று நண்பரின் பைலில் இருந்த அதே வரிசையை வைத்துப் பார்ப்போம்.

59 எப்படி 88 ஆனது?

அந்தப் புத்தகம் கல்கியின் பொன்னியின் செல்வன், மூன்றாம் பாகம். இரண்டாவது வரிசையில் விவரங்கள் இப்படி இருந்தன. A2 செல்லில் "பொன்னியின் செல்வன்", B2 செல்லில் "பாகம் 3: கொலை வாள்", C2 செல்லில் "கல்கி", D2 செல்லில் "வானதி பதிப்பகம்", E2 செல்லில் "கெட்டி அட்டை", F2 செல்லில் "பழைய பிரதி". இவற்றை இடையில் கமாவும் ஒரு ஸ்பேஸும் விட்டு இணைத்தால் முழுத் தலைப்பு கிடைக்கும்.

நண்பர் எண்ணியதில் தவறில்லை. நாம் எழுதும் முறைப்படி "பொ" ஓர் எழுத்து, "ன்" ஓர் எழுத்து, "னி" ஓர் எழுத்து. அப்படி எண்ணினால் ஸ்பேஸ், கமா எல்லாம் சேர்த்து 59தான் வரும். ஆனால் எக்ஸெல் அப்படி எண்ணுவதில்லை. யூனிகோட் முறையில் "ன்" என்பது ன என்ற மெய்யின் உருவும் அதன் மேல் வரும் புள்ளியும் சேர்ந்த இரண்டு கேரக்டர்கள். "னி" என்பது ன என்ற எழுத்தும் கொக்கியும் சேர்ந்த இரண்டு கேரக்டர்கள். அகரம் ஏறிய எழுத்துக்களும் தனி உயிர் எழுத்துக்களும் ஒரு கேரக்டராக இருக்கும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு செல்லில் பொன்னியின் செல்வன் என டைப் செய்து, அடுத்த செல்லில் LEN பங்ஷன் கொடுத்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்தும் ஒரு ஸ்பேஸும் ஆகப் பத்து. எக்ஸெல் காட்டும் விடை 18. முழுத் தலைப்புக்கும் இப்படிப் பார்த்தால் 88 வரும். 80 என்ற எல்லையை எட்டு கேரக்டர்கள் தாண்டிவிட்டது. கண்ணால் எண்ணும் கணக்கு தமிழ்த் தலைப்புகளுக்கு உதவாது என்பது இதனால் தெரிகிறது.

இப்போது LEFT என்ன செய்கிறது என்று பாருங்கள். இடப் பக்கமிருந்து 80 கேரக்டர்களை எண்ணி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. கெட்டி அட்டை என்பது முடியும்போது 76 ஆகிவிடுகிறது. கமாவும் ஸ்பேஸும் சேர்ந்து 78. மிச்சமிருக்கும் இரண்டு இடத்தில் ப, ழ என்ற இரண்டும் அமர்ந்துகொள்கின்றன. "ழை" என்பதில் உள்ள ஐகாரக் குறியீடு 81வது கேரக்டர். அது வெளியே போய்விட்டது.

ஆங்கிலத்தில் இப்படி வெட்டினால் சொல் பாதியில் நிற்கும்; படிப்பவருக்கு வெட்டுப்பட்டது தெரிந்துவிடும். தமிழில் எழுத்தே பாதியாகிறது. அதிலும் பாதி எழுத்து இன்னொரு முழு எழுத்தாக நிற்கிறது. பொன்னியின் செல்வன் என்பதை 17 கேரக்டரில் வெட்டினால் கடைசிப் புள்ளி மட்டும் போய் "பொன்னியின் செல்வன" என்று நிற்கும். கொலை வாள் என்பதை ஏழில் வெட்டினால் "கொலை வா" என்றாகிவிடும். எக்ஸெல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. வரிசை வரிசையாகப் படித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

சொல்லின் முடிவில் வெட்டும்படி பார்முலாவை மாற்றி எழுதினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நண்பரும் கேட்டார். அப்படிச் செய்தால் "பழ" போய்விடும், தலைப்பு அழகாகக் "கெட்டி அட்டை" என்று முடியும். ஆனால் பழைய பிரதி என்ற தகவல் அப்போதும் இல்லை. இன்னும் சொல்லப் போனால் இது மோசம். "பழ" என்றிருந்தால் ஏதோ தவறு என்றாவது தெரியும். அழகாக முடிந்த தலைப்பில் எதுவும் தெரியாது.

படிக்கும் வரிசை வேறு, விடும் வரிசை வேறு

எனவே கோளாறு எங்கே வெட்டுவது என்பதில் இல்லை. தலைப்பில் கடைசியாக வருவதுதான் முக்கியம் குறைந்தது என்று பார்முலா எண்ணிக்கொள்கிறது. கோளாறு அங்கேதான் இருக்கிறது. படிப்பதற்கு நூலின் பெயர், பாகம், ஆசிரியர், பதிப்பகம், அட்டை, நிலை என்ற வரிசை நன்றாக இருக்கிறது. ஆனால் இடம் இல்லாதபோது எதை விடுவது என்று கேட்டால், புத்தகம் விற்கும் எவரும் நிலையை விடச் சொல்ல மாட்டார். கெட்டி அட்டையை முதலில் விடலாம். அதுவும் போதாவிட்டால் பதிப்பகத்தை விடலாம்.

இந்த விடும் வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. பொன்னியின் செல்வன் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்பதால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. அதை வாங்குபவருக்கு எந்தப் பதிப்பகம் என்பது அட்டையை விட முக்கியம். போட்டித் தேர்வு வழிகாட்டி விற்பவருக்குப் பதிப்பு ஆண்டுதான் உயிர். குழந்தைகளுக்கான படப் புத்தகம் என்றால் அட்டையை விடக் கூடாது. இதை எந்தப் பங்ஷனும் தானாகக் கண்டுபிடிக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மூன்று காலம் போதும்.

முதலில் எல்லையை ஒரு தனி செல்லில் வையுங்கள். பார்முலாவுக்குள் 80 என்று எழுதிவிடாதீர்கள். இ-பே தளத்தில் தலைப்புக்கு 80 கேரக்டர். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் 150. நாளை வேறு தளத்துக்குப் பட்டியல் தயாரிக்கும்போது ஒரே ஒரு செல்லை மாற்றினால் போதும். நாம் N1 செல்லில் 80 என்று டைப் செய்துகொள்வோம்.

அடுத்து G, H, I காலங்களில் மூன்று விதத் தலைப்புகளைத் தயாரிக்கிறோம். G2 செல்லில் முழுத் தலைப்பு, H2 செல்லில் அட்டை இல்லாத தலைப்பு, I2 செல்லில் அட்டையும் பதிப்பகமும் இல்லாத தலைப்பு.

```
G2: =TEXTJOIN(", ",TRUE,A2:F2)
H2: =TEXTJOIN(", ",TRUE,A2:D2,F2)
I2: =TEXTJOIN(", ",TRUE,A2:C2,F2)
```

TEXTJOIN பங்ஷனில் TRUE என்று கொடுப்பது காலியாக உள்ள செல்களைத் தாண்டிச் செல்வதற்காக. பாகம் இல்லாத நாவல் என்றால் B காலம் காலியாக இருக்கும்; அந்த இடத்தில் இரண்டு கமாக்கள் அடுத்தடுத்து வராது. அப்படியும் ",  ," என்று எங்காவது வந்தால் அந்த செல் உண்மையில் காலி இல்லை, யாரோ அதில் ஸ்பேஸ் பார் தட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து டெலீட் கீயைத் தட்டுங்கள்.

இந்தப் பங்ஷன் எக்ஸெல் 2019 முதல் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் உண்டு. உங்களிடம் பழைய எக்ஸெல் இருந்து #NAME? என்று காட்டினால் கீழே உள்ளது போல எழுதலாம். கொஞ்சம் நீளம், ஆனால் விடை ஒன்றுதான்.

```
=A2&IF(B2="","",", "&B2)&IF(C2="","",", "&C2)
&IF(D2="","",", "&D2)&IF(E2="","",", "&E2)
&IF(F2="","",", "&F2)
```

மூன்று தலைப்புகள் தயாரான பின், J2 செல்லில் எல்லைக்குள் அடங்கும் முதல் தலைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

```
=IF(OR(A2="",F2=""),"",
 IF(LEN(G2)<=$N$1,G2,
 IF(LEN(H2)<=$N$1,H2,
 IF(LEN(I2)<=$N$1,I2,""))))
```

முதல் வரியைக் கவனியுங்கள். நூலின் பெயரோ நிலையோ எழுதப்படாமல் இருந்தால் தலைப்பே கிடையாது. பாகமும் ஆசிரியரும் மட்டும் கொண்ட தலைப்பு தளத்துக்குப் போய்ச் சேருவதை இது தடுக்கிறது. அதன் பின் முழுத் தலைப்பு அடங்கினால் அது. இல்லையேல் அட்டை இல்லாதது. அதுவும் இல்லையேல் பதிப்பகமும் இல்லாதது. $N$1 என்று டாலர் குறி இட்டிருப்பதால் பார்முலாவை மவுஸால் கீழே இழுத்து நிரப்பும்போது எல்லை செல் மாறாது.

நண்பரின் வரிசையில் இதைப் போட்டுப் பார்த்தோம். முழுத் தலைப்பு 88, அடங்கவில்லை. கெட்டி அட்டை என்பதில் 12 கேரக்டர், அதனுடன் ஒரு கமா, ஒரு ஸ்பேஸ். மொத்தம் 14 குறைந்து இரண்டாவது தலைப்பு 74 ஆனது. அடங்கிவிட்டது. கிடைத்த தலைப்பு: "பொன்னியின் செல்வன், பாகம் 3: கொலை வாள், கல்கி, வானதி பதிப்பகம், பழைய பிரதி". கெட்டி அட்டை என்பதை விவரக் குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம். புத்தகம் திரும்பி வராது.

அடங்காதவற்றை என்ன செய்வது?

மூன்றும் அடங்காவிட்டால் J2 செல் காலியாக நிற்கும். இதை வேண்டுமென்றே செய்திருக்கிறேன். பலர் அந்த இடத்தில் "நீளம் அதிகம்" என்று ஒரு செய்தி வரும்படி எழுதுகிறார்கள். ஒரு நாள் அவசரத்தில் பைலை அப்படியே ஏற்றிவிட்டால், "நீளம் அதிகம்" என்ற பெயரில் ஒரு புத்தகம் விற்பனைக்கு வந்துவிடும். எச்சரிக்கை தலைப்புக் காலத்தில் இருக்கக் கூடாது. பக்கத்தில் K காலத்தில் இருக்கட்டும்.

```
=IF(OR(A2="",F2=""),"விவரம் குறைவு",
 IF(J2="","கையால் சுருக்கவும்",
 IF(J2=G2,"முழுமை","சுருங்கியது")))
```

இப்போது K காலத்தைப் பில்டர் செய்தால் எந்தெந்தப் புத்தகங்களை நீங்கள் பார்க்க வேண்டும் என்று உடனே தெரியும். நிறமும் வேண்டுமெனில் K2 முதல் கடைசி வரை தேர்ந்தெடுத்து, Home டேபில் Conditional Formatting, New Rule எனச் சென்று, Use a formula to determine which cells to format என்பதில் =$K2="கையால் சுருக்கவும்" எனக் கொடுத்துச் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

Data Validation வசதியில் Text length என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நாம் நேரடியாக டைப் செய்வதை மட்டுமே சோதிக்கும். பார்முலா தரும் விடையைச் சோதிக்காது. வேறிடத்திலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்தாலும் கண்டுகொள்ளாது. நம் வேலை முழுக்கப் பார்முலாவில் நடப்பதால் அதை நம்பிப் பயனில்லை.

ஆயிரக் கணக்கில் புத்தகம் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் கையால் சுருக்க முடியுமா, LEFT போட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடுமே என்று வாதிடலாம். விடும் வரிசையைச் சரியாகக் கொடுத்தால் கையால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான் மிஞ்சும். நண்பரின் பட்டியலில் மிஞ்சியவை ஒரே திரையில் அடங்கிவிட்டன. அவையெல்லாம் நூலின் பெயரே மிக நீளமான ஆய்வு நூல்கள், தொகுப்பு நூல்கள். அவற்றுக்கு எந்தச் சொல்லைச் சுருக்குவது என்பது புத்தகத்தைத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கொஞ்ச நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லாப் புத்தகங்களின் தலைப்பையும் LEFT கையில் ஒப்படைக்கிறோம்.

உங்கள் தளம் எப்படி எண்ணுகிறது?

எக்ஸெல் எண்ணுவது போலத்தான் இணைய தளமும் எண்ணும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில இடங்களில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணலாம். சில இடங்களில் பைட் கணக்கில் எண்ணலாம். அமேசான் தளத்தில் விற்பவர்கள் தேடு சொற்களுக்கென்று தரும் இடம் 250 பைட் என்ற கணக்கில்தான் இருக்கிறது. யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் கேரக்டருக்கும் மூன்று பைட் ஆகும். பொன்னியின் செல்வன் என்ற பெயருக்கு மட்டும் ஸ்பேஸ் உட்பட 52 பைட். 250 என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் இதைப் போல ஐந்து பெயர்கள் கூட அதில் அடங்காது.

LENB என்ற பங்ஷன் பைட் கணக்குக்கு என்று இருந்தாலும் அது இந்தக் கணக்கைத் தராது. அது சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கான பழைய முறைக்காக வந்தது. எளிய வழி, LEN தரும் எண்ணை மூன்றால் பெருக்கி அதை எல்லையுடன் ஒப்பிடுவதுதான். இடையில் ஸ்பேஸும் எண்களும் இருப்பதால் உண்மையான பைட் இதை விடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்; ஒருபோதும் அதிகமாகாது.

தளம் எப்படி எண்ணுகிறது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒரு சோதனை போதும். எல்லை 80 என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்லில் கீழே உள்ளதைக் கொடுங்கள்.

```
=REPT("க்",40)
```

நாற்பது "க்" வரும். கண்ணுக்கு 40 எழுத்து, எக்ஸெல் கணக்கில் 80, பைட் கணக்கில் 240. இதைக் காப்பி செய்து தளத்தின் தலைப்புக் கட்டத்தில் பேஸ்ட் செய்யுங்கள். சேமிக்க வேண்டாம், ஏற்றுக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கவில்லை என்றால் பைட் கணக்கு. ஏற்றுக்கொண்டால் 40 என்பதை 41 ஆக்கி மீண்டும் பேஸ்ட் செய்யுங்கள். இப்போது மறுத்தால் உங்கள் தளமும் எக்ஸெல் போலவே எண்ணுகிறது. மேலே தந்த பார்முலாக்களை அப்படியே பயன்படுத்தலாம். 80 "க்" கொடுத்தும் ஏற்றுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது என்று பொருள். அப்போது LEN கணக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை.

ஒரே நூலின் பெயர் இரண்டு வரிசைகளில் ஒன்றுபோலத் தெரிந்தும் LEN வேறு வேறு எண்ணைக் காட்டினால் பயப்பட வேண்டாம். "பொ" என்பதில் உள்ள ஒகரக் குறியீட்டை ஒரே கேரக்டராகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு கேரக்டராகவும் எழுதலாம். டைப் செய்யும் சாப்ட்வேரைப் பொறுத்து இது மாறும். திரையில் வித்தியாசம் தெரியாது; ஆனால் பொன்னியின் செல்வன் 18க்குப் பதில் 19 ஆகிவிடும். இப்படி மாற்றி எழுதினால் சரியாகிவிடும்.

```
=SUBSTITUTE(A2,UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018))
```

"போ" போன்ற ஓகாரத்துக்கு 3014 என்பதை 3015 என்றும் 3018 என்பதை 3019 என்றும் மாற்றிக்கொள்ளுங்கள்.

விவரக் குறிப்பில் கோளாறு வேறு பக்கம்

விவரக் குறிப்புக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் 5000 கேரக்டர் வரை தரலாம். எனவே இங்கே நீளம் அதிகமாவது அபூர்வம். குறைவாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும். ஏதோ ஒரு செல் காலியாக இருந்ததால் பாதிக் குறிப்பு மட்டும் போய்விடும். ஆகவே மேல் எல்லையைப் போலக் கீழ் எல்லையும் வேண்டும். N2 செல்லில் 100 என்றும் N3 செல்லில் 5000 என்றும் வைத்துக்கொள்வோம். P காலத்தில் பக்கங்கள், Q காலத்தில் பிரதியில் உள்ள குறைகள், R காலத்தில் நூலைப் பற்றிய சிறு குறிப்பு. S2 செல்லில் இவற்றை வாக்கியமாக்குகிறோம்.

```
=TEXTJOIN(" ",TRUE,
 IF(Q2="","","குறை: "&Q2&"."),
 IF(E2="","",E2&"."),
 IF(P2="","",P2&" பக்கங்கள்."),R2)
```

குறைகளை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பல தளங்கள் குறிப்பின் முதல் சில வரிகளை மட்டும் காட்டி, மீதியைப் பார்க்கக் கிளிக் செய்யச் சொல்கின்றன. வாங்குபவர் கிளிக் செய்யாமல் வாங்கினாலும் குறை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நண்பரின் புத்தகத்துக்கு இப்படி வந்தது: "குறை: முதல் பக்கத்தில் பெயர் எழுதப்பட்டுள்ளது, தாள் பழுப்பேறியுள்ளது. கெட்டி அட்டை. கல்கி எழுதிய வரலாற்று நாவலின் ஐந்து பாகங்களில் மூன்றாவது." பக்கங்கள் காலம் காலியாக இருந்ததால் அந்த வாக்கியம் வரவில்லை. Q காலத்தில் டைப் செய்யும்போது முற்றுப்புள்ளி வைக்காதீர்கள், பார்முலா வைக்கும்.

T2 செல்லில் சோதனை.

```
=IF(Q2="","குறை எழுதப்படவில்லை",
 IF(LEN(S2)<$N$2,"குறைவு",
 IF(LEN(S2)>$N$3,"அதிகம்","சரி")))
```

குறையே இல்லாத பிரதி என்றால் Q காலத்தில் "இல்லை" என்று டைப் செய்யுங்கள். காலியாக விட்டால், குறை இல்லையா அல்லது பார்க்க மறந்துவிட்டோமா என்று பின்னால் தெரியாது. சோதனையில் இந்த ஒரு வரியைத்தான் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். நீளம் சரியாக இருந்து, சொல்ல வேண்டியது இல்லாமல் போனால் அந்த "சரி"யால் என்ன பயன்?

எல்லாப் புத்தகத்துக்கும் பொதுவாக வரும் அனுப்பும் முறை, திருப்பும் விதி போன்ற பத்திகளை மேற்கோள் குறிக்குள் பார்முலாவில் எழுதாதீர்கள். எக்ஸெல் பார்முலாவில் ஒரு மேற்கோளுக்குள் 255 கேரக்டருக்கு மேல் எழுத முடியாது. தமிழில் இரண்டு மூன்று வாக்கியத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். அவற்றை ஒரு தனி செல்லில் வைத்து, அந்த செல்லின் பெயரைப் பார்முலாவில் கொடுங்கள்.

கடைசியாகப் பைலை சேமிக்கும்போது Save as type என்பதில் CSV UTF-8 என்று உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் CSV என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ஏற்றும் முன் நோட்பேடில் ஒரு முறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நண்பர் இப்போது K, T ஆகிய இரண்டு காலங்களையும் பார்க்காமல் பைலை ஏற்றுவதில்லை. அவருடைய பழைய பார்முலாவில் இருந்த LEFT என்ற நான்கு எழுத்துக்களை அவரே அழித்தார். உங்கள் பைலிலும் Ctrl + F தட்டி, LEFT( என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால், அது வெட்டி எறிந்த பகுதியில் என்ன இருந்தது என்று ஒரு முறை பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.